96 பை இருப்பு

ரத்தத்துக்குக் கெடு 35 நாள். நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் ரத்த வங்கியில் புழங்கியதெல்லாம் 350 மில்லி பைகள். அதில் உறையாமல் இருக்க ஊற்றி வரும் மருந்துக்கு சி.பி.டி.ஏ. என்று பெயர். கடைசியில் வரும் 'ஏ' அடினின். அது சேராத பழைய மருந்தில் ரத்தம் 21 நாள்தான் தாங்கும். சேர்ந்த பிறகு 14 நாள் கூடி, 35 ஆயிற்று. 2 முதல் 6 டிகிரிக்குள் வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு.

35 என்றால் சரியாக ஐந்து வாரம். இதில் குமாஸ்தாவுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எடுத்த ரத்தம் ஞாயிற்றுக்கிழமைதான் காலாவதியாகும், வியாழனில் எடுத்தது வியாழனில். பையின் லேபிளில் எடுத்த தேதியும் முடியும் தேதியும் இருக்கும். இரண்டுக்கும் கிழமை ஒத்துப்போகாவிட்டால் யாரோ விரல் விட்டு எண்ணும்போது எடுத்த நாளையும் ஒன்று என்று சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம். எடுத்த நாள் பூஜ்யம், மறுநாள்தான் ஒன்று. 31 நாள் மாதத்தில் எடுத்தால் அடுத்த மாதம் அதே தேதியோடு 4 கூட்ட வேண்டும். 30 நாள் மாதமென்றால் 5. 28 நாள் பிப்ரவரியில் 7. ஆகஸ்ட் 15-இல் எடுத்தது செப்டம்பர் 19-இல் முடியும். அந்த செப்டம்பர் 19-ஐப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அரசு மருத்துவமனை, புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும் அல்லது தெரியாமலே போகட்டும். நான் அங்கே ஸ்டோர் செக்‌ஷனில் யூ.டி.சி. மாதம் முடிந்ததும் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் கணக்கு வாங்கி, ஒரே படிவத்தில் ஏற்றி மேலே அனுப்ப வேண்டும். ஆரம்ப இருப்பு, வரவு, வழங்கியது, கழிவு, இறுதி இருப்பு. பஞ்சுக்கும் அதே படிவம், குளுக்கோஸ் பாட்டிலுக்கும் அதே படிவம், ரத்தத்துக்கும் அதே படிவம். படிவத்தை வடிவமைத்தவர் பஞ்சை மனதில் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும். பஞ்சு மட்கினாலும் ஒருவாறு பஞ்சுதான்.

2004 ஆகஸ்ட் மாதத்துக்கு ரத்த வங்கியிலிருந்து வந்த கணக்கு இது. ஆரம்ப இருப்பு 41 பை. சுதந்திர தினத்தன்று நடந்த முகாமில் வந்தவை, பரிசோதனையில் கழிந்த இரண்டு போக, 72. நோயாளிகளின் உறவினர் கொடுத்தவை 112. வழங்கியது 124. காலாவதி 5. இறுதி இருப்பு 96. அந்த வருஷத்தில் எந்த மாதக் கடைசியிலும் அவ்வளவு இருப்பு இருந்ததில்லை. சூப்பிரண்டு பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, ரத்தம் நிறைய இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். ஒரு நாளைக்கு 4 பை போகிறது, 96 இருக்கிறது, 24 நாளைக்குக் கவலையில்லை. படிவத்தின்படி அது சரியான பேச்சுதான்.

நான் படித்தது பிரெஞ்சில். 'பெரிமே' என்று ஒரு சொல் பள்ளியிலேயே காதில் விழுந்தது. கெடு முடிந்துபோனது என்று பொருள். பால் டப்பாவுக்கும் அதுதான், கோர்ட்டில் நடத்தாமல் விட்டு செத்துப்போன வழக்குக்கும் அதே குடும்பத்துச் சொல்தான். பொருள் அப்படியே இருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், ஆனால் அதற்கு மேல் செல்லாது. அந்தச் சொல் மண்டையில் இருந்ததாலோ என்னவோ, எந்தக் கணக்கைப் பார்த்தாலும் 'எப்போது வரை' என்று கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. ரத்த வங்கிக்குப் போய் டெக்னீஷியனிடம் கேட்டேன். "சார், 96-ல எது எது எப்ப முடியுது?"

அவர் நல்ல மனிதர். சலித்துக்கொள்ளாமல் மாஸ்டர் ரிஜிஸ்டரை எடுத்துப் போட்டார். சட்டப்படி அதில் பை எண், எடுத்த தேதி, முடியும் தேதி, அளவு, குரூப், ஐந்து வியாதிகளுக்கான பரிசோதனை முடிவு எல்லாம் இருக்க வேண்டும், இருந்தது. எங்கள் கஷ்டம் தகவல் இல்லாதது அல்ல. அந்த ரிஜிஸ்டர் பை எண் வரிசையில் ஓடுகிறது. ஸ்டாக் ஷீட் குரூப் வாரியாக ஓடுகிறது. காலாவதித் தேதி வரிசையில் ஓடும் தாள் ஒன்றுகூட அந்த அறையில் இல்லை.

அன்று மதியம் இருவரும் ஒரு ஃபுல்ஸ்கேப் தாளைக் குறுக்காகப் போட்டோம். மேலே எட்டு கட்டம், எட்டு குரூப்புக்கு. இடப்பக்கம் கீழ்நோக்கி தேதிகள், செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 5 வரை. ஃபிரிட்ஜைத் திறந்து அவர் ஒவ்வொரு பையாக எடுத்து வாசித்தார், நான் உரிய கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். ரிஜிஸ்டரைப் பார்த்துப் போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் ரிஜிஸ்டர் இருக்க வேண்டியதைச் சொல்லும், ஃபிரிட்ஜ்தான் இருப்பதைச் சொல்லும். குளிர் வெளியே போகாமல் அரை அரை தட்டாக எடுத்தோம். லேபிள் நிறங்கள் நினைவில் இருக்கின்றன. ஓ குரூப் நீலம், ஏ மஞ்சள், பி இளஞ்சிவப்பு, ஏ.பி. வெள்ளை.

இங்கே சின்னதாக ஒன்று. பிரெஞ்சுப் பள்ளியில் 1-ஐ மேல்நோக்கி ஒரு வால் விட்டு எழுதுவோம். அதனால் 7-க்கு நடுவில் குறுக்குக்கோடு கட்டாயம். ஆபீசில் எல்லோரும் என் ஏழைக் கேலி செய்வார்கள். அன்றைக்கு அந்தத் தாளில் 11-ஆம் தேதியும் 17-ஆம் தேதியும் அடுத்தடுத்து வந்தபோது டெக்னீஷியன், "உங்க ஏழு நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். அதன்பின் அவரும் லேபிளில் அப்படியே எழுத ஆரம்பித்தார்.

கோடு போட்டு முடித்துப் பார்த்தால், தாள் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது. செப்டம்பர் 19 என்ற ஒரே வரிசையில் மட்டும் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எண்ணினோம். 58. அதற்கும் முன்னால் முடிபவை 9. மீதி 29-தான் அதற்குப் பிறகும் தாங்குபவை.

ஆக 96 என்பது 96 அல்ல. 67 பைகள் 19-ஆம் தேதி இரவுக்குள் யாருக்காவது ஏறியாக வேண்டும். அதிலும் 19 ஞாயிறு. முந்தின நாள் சனிக்கிழமை, விநாயகர் சதுர்த்தி, விடுமுறை. முன்பே நாள் குறித்துச் செய்யும் ஆப்பரேஷன்கள் இரண்டு நாளும் கிடையாது. விபத்து, பிரசவம் தவிர ரத்தம் கேட்டு யாரும் வரமாட்டார்கள். நிஜமான கெடு வெள்ளிக்கிழமை 17-ஆம் தேதி. செப்டம்பர் 1-இலிருந்து எண்ணினால் 17 நாள். நாளைக்கு 4 வீதம் 68 பை போகும். 67-க்கு 68. ஒரே ஒரு பைதான் இடைவெளி. அதுவும் இனிமேல் போகும் ஒவ்வொரு பையும் பழையதாகவே இருந்தால்.

அப்படிப் போகிறதா என்று பார்க்க இஷ்யூ ரிஜிஸ்டரை எடுத்தோம். முகாம் பைகளுக்குப் பரிசோதனை முடிவு 17-ஆம் தேதி வந்து ஃபிரிட்ஜில் ஏறியது. அன்றிலிருந்து மாதக் கடைசி வரை 15 நாளில் 61 பை வழங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பை எண்ணுக்கும் மாஸ்டர் ரிஜிஸ்டரில் எடுத்த தேதியைத் தேடி பக்கத்தில் பென்சிலால் எழுதினோம். 61-இல் முகாம் பை 14. அதற்கும் பழையது 4. மீதி 43-உம் முகாமுக்குப் பிறகு எடுத்த புதுப் பைகள். நாளைக்கு ஒரு முகாம் பைகூட முழுதாகப் போகவில்லை. இதே போக்கில் விட்டால் 17 நாளில் இன்னும் 16 போகும், 42 பைகள் ஆட்டோக்ளேவுக்குப் போகும். முகாமில் வரிசையில் நின்று கையை நீட்டிய 72 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தம்.

ஏன் இப்படி என்று யாரையும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. காரணங்கள் கண்ணெதிரே இருந்தன. ஒன்று, ஃபிரிட்ஜ். புதிதாக வருவதை முன்னால் வைப்பார்கள், கை நீட்டினால் முன்னால் இருப்பதுதான் வரும். வீட்டுச் சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கு நடப்பதுதான். இரண்டு, உறவினர்கள். "நாங்க கொடுத்த ரத்தத்தையே எங்க ஆளுக்கு ஏத்துங்க" என்று வாசலில் நிற்பார்கள். குரூப் வேறாக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். வார்டிலிருந்து வரும் சில டாக்டர்களும் இன்டென்டில் 'ஃபிரெஷ்' என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதி அனுப்புவார்கள். பிறந்த குழந்தைக்கு ரத்தத்தையே மாற்றி ஏற்றும் சிகிச்சை என்றால் புது ரத்தம்தான் வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது. நாள்பட்ட பையில் சிவப்பணுவிலிருந்து பொட்டாசியம் கசிந்து சேரும், பச்சிளம் குழந்தை தாங்காது. ஆனால் குடலிறக்க ஆப்பரேஷனுக்கு எதற்கு?

மூன்றாவது காரணம்தான் எங்களுக்கே ஆச்சரியம். 58-இல் 9 பைகள் தனித் தட்டில் இருந்தன. கிராஸ் மேட்ச் செய்து, இன்ன நோயாளிக்கு என்று சீட்டுக் கட்டி ஒதுக்கியவை. சீட்டைப் பார்த்தால் சிலருக்கு ஆப்பரேஷன் முடிந்து, ரத்தம் தேவைப்படாமல் வீட்டுக்கே போயிருந்தார்கள். வார்டிலிருந்து யாரும் சொல்லவில்லை, இங்கே யாரும் கேட்கவில்லை. அந்த 9 பையும் இருப்பில் உண்டு, கொடுக்க முடியாது, நாள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு ரத்த வங்கி டாக்டரம்மாவிடம் போனோம். அவர் அதிகம் பேசமாட்டார். 19-ஆம் தேதி வரிசையில் விரலை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மளமளவென்று நாலு விஷயம் சொன்னார். ஃபிரிட்ஜில் தேதிப்படி அடுக்கி, முதலில் முடிவது முன்னால் இருக்க வேண்டும். ஒதுக்கிய பையை மூன்று நாளுக்கு மேல் வைக்கக்கூடாது, வார்டுக்குப் போன் செய்து விடுவிக்க வேண்டும். 'ஃபிரெஷ்' என்று எழுதி வந்தால் தன்னிடம் காட்டாமல் கொடுக்கக்கூடாது. நாலாவதுதான் கடினமானது. ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ் உறவினர்களிடம் இப்போது ரத்தம் எடுக்க வேண்டாம், பெயரும் போன் நம்பரும் வாங்கிக்கொண்டு 17-ஆம் தேதிக்கு மேல் கூப்பிடலாம் என்றார்.

"அப்புறம் வரமாட்டாங்க மேடம்" என்றார் டெக்னீஷியன்.

"பாதிப் பேர் வருவாங்க. இப்ப எடுத்தா இந்தப் பக்கம் ஒண்ணு வரும், அந்தப் பக்கம் ஒண்ணு குப்பைக்குப் போகும்."

குரூப் வாரியாகப் பிரித்ததும் இன்னொன்று தெரிந்தது. முகாம் பைகளில் ஓ பாசிட்டிவ் 22, பி பாசிட்டிவ் 20, ஏ பாசிட்டிவ் 10, ஏ.பி. பாசிட்டிவ் 4, நெகட்டிவ் 2. ஆகஸ்ட் மாதம் போன வேகத்தில் பார்த்தால் 17 நாளில் ஓ 26, பி 23, ஏ 12 போகும். முயன்றால் தீர்ந்துவிடும். ஏ.பி. மட்டும் மாதத்துக்கே 6-தான், 17 நாளில் மூன்று போனால் அதிகம். ஆகவே ஒன்றாவது வீணாகும் என்று அன்றே தெரிந்துவிட்டது. மொத்தக் கணக்கில் சரியாகத் தெரிவது குரூப் கணக்கில் இடறுவது இப்படித்தான். ஏ.பி.க்காரர்களுக்கு ஓ ரத்தம் அவசரத்துக்கு உதவும், ஓ நோயாளிக்கு ஏ.பி. ரத்தம் ஒருநாளும் உதவாது.

தினமும் காலை பத்து மணிக்கு அந்தத் தாளில் போன பைகளை அடித்துவிடுவோம். இதிலும் ஒரு நுணுக்கம். வார்டுக்குப் போன பை சில சமயம் திரும்பி வரும். நோயாளிக்குக் காய்ச்சல், அல்லது ஆப்பரேஷன் தள்ளிப்போனது. ஃபிரிட்ஜை விட்டு வெளியே போய் அரை மணிக்குள் வந்தால் திரும்ப உள்ளே வைக்கலாம், தாண்டினால் கழிவுதான். முன்பெல்லாம் திரும்பி வந்த பையைப் புது வரவாகப் பதிவதும் உண்டு. அப்படிப் பதிந்தால் வழங்கியதிலும் ஒன்று கூடிவிடும், வரவிலும் ஒன்று கூடிவிடும். இறுதி இருப்பு சரியாகத்தான் வரும், யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் 'நாளைக்கு 4 பை போகிறது' என்ற வேகக் கணக்கு பொய்யாகிவிடும். இனிமேல் திரும்பியதற்கு, போன வரியையே சிவப்பு மையில் அடித்து, பழைய தேதிக் கட்டத்திலேயே கோட்டை மறுபடி போடுவது என்று வைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை 17-ஆம் தேதி மாலை எண்ணியபோது முந்தைய 9 பைகளும் தீர்ந்திருந்தன. 58-இல் 11 மீதி. சனி ஞாயிறில் ஒரு பைக் விபத்தும் ஒரு பிரசவமும் மூன்றை எடுத்துக்கொண்டன. திங்கட்கிழமை காலை 8 பைகளைக் கழிவில் எழுதினோம். பி மூன்று, ஏ.பி. இரண்டு, ஓ ஒன்று, ஏ பாசிட்டிவ் ஒன்று, ஏ நெகட்டிவ் ஒன்று.

அந்த ஏ நெகட்டிவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏ பாசிட்டிவ் நோயாளிக்கு ஏ நெகட்டிவ் ரத்தம் ஏற்றலாம், தடையில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அப்படி ஒரு இன்டென்ட் வந்தது. கொடுத்திருந்தால் கழிவு 7 ஆகியிருக்கும். டெக்னீஷியன் கையில் எடுத்தும் விட்டார். டாக்டரம்மா வேண்டாம் என்று, நாள் இருந்த ஏ பாசிட்டிவ் பையைக் கொடுக்கச் சொன்னார். பிரசவ வார்டில் ஏ நெகட்டிவ் பெண் ஒருத்தி வலியோடு படுத்திருந்தாள், போன பிரசவத்தில் ரத்தப்போக்கு கண்டவள். நெகட்டிவ் நம் பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான், அதிலும் ஏ நெகட்டிவ். அந்த ஃபிரிட்ஜில் அவளுக்கு ஒத்தது அந்த ஒரு பையும், ஒரு ஓ நெகட்டிவும்தான். சனிக்கிழமை இரவு சுகப்பிரசவம், ரத்தம் தேவைப்படவில்லை. பை ஞாயிறு நள்ளிரவோடு 'பெரிமே'. மற்ற ஏழையும் இதையும் கழிவு என்ற ஒரே கட்டத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. எனக்கு அதில் சம்மதமில்லை. ஏ.பி. வீணானது முகாமில் குரூப் பார்க்காமல் எடுத்ததால். பி வீணானது இரண்டு வாரம் பின்னால் கிடந்ததால். ஏ நெகட்டிவ் வீணாகவே இல்லை, காவலுக்கு நின்றுவிட்டு ஓய்வு பெற்றது. காலாவதிப் பையே இல்லாத ரத்த வங்கி என்று யாராவது பெருமை சொன்னால், அங்கே நெகட்டிவ் கைவசம் வைத்திருக்கிறார்களா என்று நான் கேட்பேன்.

செப்டம்பர் மாதக் கணக்கு முடிந்தது. ஆரம்ப இருப்பு 96, வரவு 68, வழங்கியது 118, காலாவதி 8, இறுதி இருப்பு 38. படிவத்தில் ஏற்றி அனுப்பினேன். பத்து நாளில் மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. சென்ற மாதம் 96 ஆக இருந்த ரத்த இருப்பு 38 ஆகக் குறைந்ததற்கும், காலாவதி 5-லிருந்து 8 ஆக உயர்ந்ததற்கும் விளக்கம் கோரி. 42 பைகள் போகவிருந்த இடத்தில் 8 போயிற்று என்பது படிவத்தில் எந்தக் கட்டத்திலும் ஏறாது. நடக்காமல் தடுத்ததற்குப் படிவத்தில் இடமேது?

சூப்பிரண்டுக்கு வியர்த்துவிட்டது. "என்னய்யா எழுதறது?" என்றார். டாக்டரம்மா சொன்ன யோசனைப்படி விளக்கமாக எதுவும் எழுதவில்லை. ஆகஸ்ட் 31-ஆம் தேதித் தாளையும் செப்டம்பர் 30-ஆம் தேதித் தாளையும் ஜெராக்ஸ் எடுத்து ஒன்றன் கீழ் ஒன்றாக இணைத்தோம். முதல் தாளில் ஒரே வரிசையில் 58 கோடு. இரண்டாவது தாளில் 38 கோடுகளும் அக்டோபர் முழுக்கவும் நவம்பர் தொடக்கம் வரையிலும் பரவி, எந்த ஒரு நாளிலும் நாலுக்கு மேல் இல்லை. மேலே ஒரு வரி: "இருப்பு விவரம் காலாவதித் தேதி வாரியாக இணைக்கப்பட்டுள்ளது."

பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அடுத்த வருஷம் முகாம் நடத்த வந்தவர்களிடம் டாக்டரம்மா அந்தத் தாளைக் காட்டிப் பேசினார். 72 பேரையும் ஒரே நாளில் கூட்டாமல், ஆகஸ்ட் 15-இல் முப்பது பேர், மீதிப் பேர் இரண்டு வாரம் கழித்து, அதுவும் செவ்வாய் அல்லது புதன்கிழமையில் என்று. கொடியேற்றி மிட்டாய் கொடுக்கும் நாளில் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி இருக்கும் என்று அவர்களில் ஒருவர் முனகினார். இருந்தாலும் ஒப்புக்கொண்டார்கள். நான் ஓய்வு பெறும் வரை அந்தக் குறுக்குத் தாள் ரத்த வங்கிச் சுவரில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், பிளாஸ்டர் ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழுகளுக்கெல்லாம் நடுவில் குறுக்குக்கோடு.